மீட்டர்ப் பெட்டியில் செருகிய சீட்டுகள்



பிழைப்பைத் தேடி அயல் மாநில நகரங்களுக்கு வந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களே. மாதம் ஒருமுறை வாடகையும் ஆண்டுக்கு ஒருமுறை மனத்தாங்கலும் கைமாறுவதைத் தவிர, வீட்டுக்காரருக்கும் நமக்கும் வேறு உறவு ஏற்படுவது அரிது. பெங்களூரு கம்மனஹள்ளிப் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டில் 2023 ஜூன் முதல் ஓராண்டுக் காலம் நடந்ததை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதில் பெரிய அற்புதம் எதையும் நீங்கள் காணமாட்டீர்கள். துண்டுக் காகிதங்களையே காண்பீர்கள். அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை இன்னும் என்னிடம் உள்ளன.

வீட்டின் உரிமையாளர் அரசு உயர்நிலைப்பள்ளியில் கன்னட ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். ஒரே மகள் திருமணமாகி மைசூரில் இருக்கிறார். கீழ்த்தளத்தில் அவர் தனியே வசிக்க, மாடியில் இருந்த ஒரு படுக்கையறை வீடு எனக்குக் கிடைத்தது. நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரவுப் பணி செய்கிறேன். மாலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் காலை எட்டரைக்குத்தான் வீடு திரும்புவேன். அவரோ அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து இரவு எட்டு மணிக்கெல்லாம் உறங்கிவிடுபவர். பகலில் நான் உறங்கும்போது அவர் விழித்திருப்பார். அவருக்குக் காதும் மந்தம். கதவைத் தட்டினாலும் கேளாது. கைப்பேசி மணி அடித்தாலும் கேளாது. ஆகவே படிக்கட்டின் கீழேயுள்ள மின் மீட்டர்ப் பெட்டியின் இடுக்கில் சீட்டு எழுதிச் செருகுவது என்று முதல் நாளே முடிவாயிற்று.

கிழித்த நாள்காட்டித் தாள்களை நீளவாக்கில் நான்காக வெட்டி, அவற்றின் பின்புறத்தில் அவர் எழுதுவார். எங்கள் இருவருக்கும் பொதுவாயிருந்தது ஆங்கிலம் ஒன்றே. முதல் சீட்டின் பொருளைத் தமிழில் தருகிறேன்: "வாடகை 5ஆம் தேதிக்குள். மோட்டார் காலை ஆறு மணிக்கு நான் போடுவேன். நீங்கள் போட வேண்டாம். குழாய் சொட்டினால் அன்றே எழுதவும். விருந்தினர் தங்கினால் முன்பே எழுதவும்." அன்பான ஒரு சொல்லும் அதில் இல்லை. கையொப்பமும் தேதியும் மட்டும் மிகத் தெளிவாயிருந்தன.

கணக்கில் தொடங்கியது

பெங்களூரில் வீடு எடுத்தவர்களுக்கு முன்பணத்தின் பாரம் தெரியும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இந்நகரின் பழைய வழக்கம். என் வாடகை 9,000 ரூபாய். ஆகவே முன்பணம் 90,000 ரூபாய். என்னிடம் 60,000தான் இருந்தது. மீதியை மாதம் 5,000 வீதம் ஆறு மாதங்களில் செலுத்த அவர் சம்மதித்தார். வழக்கம்போல ஒப்பந்தத்தைப் பதினொரு மாதங்களுக்கு எழுதினோம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி ஓராண்டுக்கு மேற்படும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கவே எங்கும் பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகை நூற்றுக்கு ஐந்து கூடும் என்றும், வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்றும் அதில் இருந்தது.

வாசகரே, வீட்டுக்காரரோடு நமக்குண்டாகும் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன. கொடுத்த பணத்துக்கு எழுத்து இராது. ஈராண்டு கழித்து, "ஐம்பதாயிரம்தானே தந்தாய்" என்று ஒருவரும், "இல்லை, அறுபதாயிரம்" என்று மற்றவரும் வாதிடுவார்கள். இருவரும் பொய்யர்களாக இருக்க வேண்டியதில்லை. நினைவு தேய்ந்துபோவதே போதும். இந்த ஆசிரியரிடம் அந்தத் தொல்லை இல்லை. நான் பணத்தை உறையிலிட்டு அவர் வீட்டுக் கதவின் கீழே தள்ளிவிட்டுப் போனால், மறுநாள் காலை மீட்டர்ப் பெட்டியில் சீட்டு இருக்கும்: "வாடகை 9,000, முன்பணத்தில் 5,000, மீதி 25,000." அடுத்த மாதம் 20,000. அதற்கடுத்த மாதம் 15,000. இப்படியே நவம்பர் மாதச் சீட்டில், "மீதி ஏதுமில்லை. சொன்னபடி செய்தீர்கள்" என்றிருந்தது. கணக்கைத் தாண்டி அவர் எழுதிய முதல் வாக்கியம் அதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு முன்பே வேறொன்று தொடங்கிவிட்டிருந்தது.

பால் ஹாலான கதை

ஜூலை மாதத்தில் ஒருநாள், "நாளை முதல் பால்காரர் வருகிறார், உங்களுக்கும் வேண்டுமா?" என்று எழுதியவர், கீழே கன்னட எழுத்தில் ஒரே ஒரு சொல்லைச் சிவப்பு மையால் எழுதியிருந்தார். அதனருகே ஆங்கிலத்தில் "ஹாலு" என்று உச்சரிப்பு இருந்தது. "உங்கள் மொழியில் இதற்கு என்ன?" என்று ஒரு கேள்வியும் இருந்தது. "பால்" என்று எழுதிச் செருகினேன். மறுநாள் வந்த சீட்டு முழுவதும் சிவப்பு மைதான். தமிழ்ச் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் பலவிடங்களில் ஹகரமாக இருக்கும் என்று எழுதி, எடுத்துக்காட்டுகளையும் வரிசையாகத் தந்திருந்தார். பத்து, ஹத்து. பூ, ஹூ. பல், ஹல்லு. புலி, ஹுலி. பெயர், ஹெசரு. பழைய கன்னடத்திலும் இவை பகரத்தோடுதான் இருந்தன என்றும், இடைக்காலத்தில்தான் மாறின என்றும் எழுதியிருந்தார். "நீங்கள் இறங்கும் பேருந்து நிறுத்தத்தின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். கம்மனஹள்ளியின் ஹள்ளியும் உங்கள் திருச்சிராப்பள்ளியின் பள்ளியும் ஒன்றே" என்று முடித்திருந்தார்.

அன்று முதல் ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரு சொல் வரலாயிற்று. ஆகஸ்டில் அடுத்த விதி வந்தது. தமிழின் வகரம் கன்னடத்தில் அழுத்திச் சொல்லும் பகரமாகும்: வா என்பது பா, வேண்டும் என்பது பேகு, வெள்ளி என்பது பெள்ளி. இந்த இரண்டு விதிகளைக் கையில் வைத்துக்கொண்டே கடைத்தெருவில் பாதிப் பேச்சு எனக்கு விளங்கத் தொடங்கியது. எல்லாச் சொற்களும் இவற்றுக்கு அடங்குவதில்லை. ஒரே ஒலியில் வேறு பொருள் தருகிறவையும் உண்டு. ஒருநாள் சீட்டில் "நீரு ஸாகு" என்று கன்னடத்தில் மட்டும் எழுதியிருந்தார். எழுத்துக்கூட்டி வாசித்த எனக்கு, தண்ணீரால் சாவு வருமோ என்று ஒரு கணம் திகைப்பு. "ஸாகு" என்றால் "போதும்" என்று பொருள். தொட்டியில் நீர் போதுமான அளவு இருக்கிறது என்பதே செய்தி. அதை நான் எப்படி வாசித்தேன் என்று எழுதியபோது, முதன்முறையாக அவருடைய சீட்டில் சிரிக்கும் முகம் ஒன்று வரையப்பட்டிருந்தது. அதன்பின் நான் அவரைச் "சார்" என்று எழுதவில்லை. கன்னடியர் ஆசிரியரை அழைக்கிறபடி "மேஷ்ட்ரே" என்று எழுதினேன். அவரும் "மிஸ்டர்" என்பதை விட்டுவிட்டு, "தம்மா" என்றார். அது நம் தம்பிதான்.

செப்டம்பர் மாதத்துச் சீட்டு

2023இல் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டுக்கு வினாடிக்கு 5,000 கன அடி காவிரி நீரைத் திறக்கவேண்டும் என்ற உத்தரவை எதிர்த்துச் செப்டம்பர் 26ஆம் தேதி பெங்களூரிலும், 29ஆம் தேதி கர்நாடகம் முழுவதிலும் பந்த் அறிவிக்கப்பட்டது. இந்நகரில் வாழும் தமிழருக்குக் காவிரி என்ற சொல்லே அச்சம் தருவது. 1991 டிசம்பரில் இங்கே தமிழர் தாக்கப்பட்டதையும், உயிர்கள் போனதையும், பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு ஓடியதையும் நம் சபையின் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததைப் பலரும் கண்டார்கள். ஊரிலிருந்து என் தாயார் நாளுக்கு நான்கு முறை கைப்பேசியில் அழைத்தார்கள்.

25ஆம் தேதி மாலை நான் பணிக்குப் புறப்பட்டபோது மீட்டர்ப் பெட்டியில் சீட்டு ஒன்றல்ல, மூன்று இருந்தன; எண்ணிட்டு ஊசியால் கோத்திருந்தார். முதலாவதில் இவ்வாறு இருந்தது: "தம்மா, நாளை காலை வரும்போது மருத்துவமனை அடையாள அட்டையைக் கழுத்தில் அணிந்துகொள். ஆட்டோ கிடைக்காது, உன்னோடு பணிபுரியும் யாராவது வண்டியில் கொண்டுவந்து விடுவார்களா என்று கேள். பாலும் ரொட்டியும் உன் வாசலில் இருக்கும்." இரண்டாவதில் 1991ஐப் பற்றி எழுதியிருந்தார். அப்போது அவர் நகரின் வேறொரு பகுதியில் வாடகை வீட்டில் இருந்தார். அவரிடம் கன்னடம் படித்த ஒரு தமிழ்ச் சிறுவனின் குடும்பத்தார் ஐந்து பேர் நான்கு நாட்கள் அவர் வீட்டின் உள்ளறையில் தங்கினார்கள். வெளியே யாராவது கேட்டால் ஊரிலிருந்து வந்த உறவினர் என்று அவர் மனைவி சொல்வாராம். "அந்தப் பையனின் கன்னடக் கையெழுத்து என் வகுப்பிலேயே அழகானது" என்றும் எழுதியிருந்தார்.

மூன்றாவது சீட்டை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். "காவிரியில் எனக்கும் என் ஊர் விவசாயிக்கும் உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன். உனக்கும் உன் ஊர் விவசாயிக்கும் உரிமை உண்டு என்று நீ நினைப்பாய். நாம் இருவரும் இதில் ஒத்துப்போகவேண்டிய தேவையில்லை. என் மாடியில் நீ பயமில்லாமல் உறங்கவேண்டும், அதுமட்டும் தேவை." இரண்டு பந்துகளும் பெரிய அசம்பாவிதமின்றி முடிந்தன. பால் என் வாசலில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜெபம்

என் வார விடுமுறை வெள்ளிக்கிழமை. மாதத்தில் ஒரு வெள்ளி மாலையில் நம் சபையைச் சேர்ந்த எட்டுப் பேர் என் வீட்டில் ஜெபிக்க வருவார்கள். பாட்டும் கைத்தட்டலும் சிறிய மேளமும் உண்டு, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் வந்த சீட்டு இது: "நேற்று ஒன்பது பேர், படியில் பதினெட்டுச் செருப்புகள். எனக்குக் காது கேளாது. ஆகையால் இது என் முறையீடு அன்று. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மார்ச் 25ஆம் தேதி பத்தாம் வகுப்புத் தேர்வு தொடங்குகிறது. அவன் படிக்கும் சன்னல் உன் சன்னலுக்கு நேரே இருக்கிறது."

வாசகரே, ஜெபக்கூட்டத்தால் வீட்டை இழந்த குடும்பங்களை நீங்களும் அறிவீர்கள். பல இடங்களில் முதல் முறையீடே காலி செய்யும் அறிவிப்பாக வந்துவிடுகிறது. இங்கேயோ குறை இன்னது என்றும், யாருக்கு என்றும், எந்நாள்வரை என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதினால் தீர்ப்பது எளிது. தேர்வு முடியும் ஏப்ரல் 6ஆம் தேதிவரை மேளம் இல்லை, பாட்டில்லாமல் தாழ்ந்த குரலில் ஜெபம், எட்டு மணிக்கு முடிவு, செருப்புகள் மாடியில் ஒரு பெட்டிக்குள் என்று பதில் எழுதினேன். அவர் அதே சீட்டின் ஓரத்தில், "நன்று. ஒன்பது பேரும் அவனுக்காகவும் உங்கள் தேவனிடம் கேளுங்கள். கணக்கில் அவன் பலவீனம்" என்று எழுதித் திருப்பி வைத்தார். கேட்டோம். அவன் தேறினான், கணக்கிலும் தேறினான்.

பன்னிரண்டு குடம் தண்ணீர்

அந்த வேனிற்காலத்தை இந்நகர மக்கள் மறக்கமாட்டார்கள். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வறண்டன. குடிநீரில் வண்டி கழுவினாலும் தோட்டத்துக்கு ஊற்றினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் அறிவித்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஐந்நூறு மீட்டர் உயரத்துக்குப் படிப்படியாக ஏற்றப்பட்டு இந்நகருக்கு வருவது காவிரி நீர். எங்கள் வீட்டுக்கு அந்த இணைப்பு இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த நீர், அப்போது வாரம் இருமுறையாகக் குறைந்தது.

எங்கள் வீட்டின் நிலத்தடித் தொட்டி ஆறடி நீளமும் ஐந்தடி அகலமும் ஆறடி ஆழமும் உடையது. இதைத்தான் இங்கே சம்ப் என்பார்கள். மேஷ்ட்ரு ஒரு மூங்கில் கோலில் அடிக்கு ஒரு கோடு கீறி வைத்திருந்தார். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் முப்பது. ஆகவே கோலில் ஓரடி என்பது முப்பது கன அடி, அதாவது சுமார் 850 லிட்டர். கோல் ஓரடிக்குக் கீழே காட்டினால் மோட்டாரைப் போடக்கூடாது. உறிஞ்சும் குழாயின் வாய் நீருக்கு வெளியே வந்து காற்றை இழுக்கும். மோட்டார் வெறுமனே ஓடிச் சூடேறிக் கெடும். மேலே தொட்டியில் நீர் விழும் ஓசை நின்று, மோட்டாரின் ஒலி மட்டும் கூர்மையாவதே அதற்கு அடையாளம். மேஷ்ட்ருவுக்கு அந்த ஒலி கேளாது; அதனால்தான் அவருக்குக் கோல். ஒவ்வொரு காலையும் கோலின் அளவு சீட்டில் வந்தது. இருவரும் சேர்ந்து நாளொன்றுக்கு 250 லிட்டர் செலவிட்டோம் என்பது அந்தச் சீட்டுகளிலிருந்து தெரிந்தது.

மார்ச் மாத நடுவில் வந்த சீட்டு: "தம்மா, தேர்வு எழுதும் பையனின் வீட்டில் ஆழ்துளைக் கிணறு வறண்டுவிட்டது. அவர்கள் நான்கு பேர். தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்து மூன்று நாளாகக் காத்திருக்கிறார்கள். நமக்கு ஒருமுறைக்கு இரண்டடி நீர் வருகிறது. வாரத்துக்கு நான்கடி, 3,400 லிட்டர். நம் செலவு 1,750. மிச்சம் 1,650. தினம் பன்னிரண்டு குடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். குடம் 15 லிட்டர். நாளைக்கு 180, வாரத்துக்கு 1,260. அப்போது நம் கையில் மிஞ்சுவது வாரத்துக்கு 390 லிட்டர்தான். ஒருமுறை நீர் வராமற்போனால் நாமும் லாரிக்குக் காத்திருக்க வேண்டும். இந்தத் தொட்டியில் பாதி உன்னுடையது. ஆம் என்றோ இல்லை என்றோ எழுது. இல்லை என்றாலும் எனக்கு வருத்தமில்லை."

அவருடைய வீடு, அவர் பெயரில் வரும் தண்ணீர் ரசீது. என்னைக் கேட்கவேண்டிய அவசியம் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. குடியிருப்பவனைத் தொட்டியின் பாதிக்கு உரியவனாக அவர் எண்ணியிருந்தார் என்பதை அந்தச் சீட்டில்தான் கண்டேன். கன்னட எழுத்தில் இரண்டே சொற்களில் பதில் எழுதினேன்: "கொடி, மேஷ்ட்ரே." கொடுங்கள் என்பது அதன் பொருள். சிவப்பு மையில் திருத்தம் ஏதும் இல்லாமல் அந்தச் சீட்டு எனக்குத் திரும்பி வந்தது. அரிசி களைந்த நீர் அவருடைய மல்லிகைக்கும், துணி அலசிய நீர் என் கழிப்பறைக்கும் என்று மாறியது. ஒரு வாரம் நீர் ஒருமுறைதான் வந்தது. அன்று கோல் ஒன்றேகால் அடிவரை இறங்கியது. இரண்டு நாள் குடத்தை ஆறாகக் குறைத்தோம். அதைப் பக்கத்து வீட்டாருக்கும் எழுதியே சொன்னார். மே மாத மழை வரும்வரை இவ்வாறு நடந்தது.

எழுத்து பெரிதாயிற்று

இதற்கிடையே சீட்டுகளில் ஒரு மாற்றத்தை நான் கவனித்துவந்தேன். ஜனவரி முதலே அவருடைய எழுத்து பெரிதாகிக்கொண்டு வந்தது. ஒரு சீட்டில் பத்து வரி எழுதியவர் ஐந்து வரி எழுதினார். வரிகள் வலப்பக்கம் சரிந்தன. ஒருநாள் கன்னடச் சொல் சிவப்பிலும் ஆங்கிலம் நீலத்திலும் இராமல், இரண்டும் சிவப்பிலேயே இருந்தன. தேதியிட்ட சீட்டுகளாகையால் ஜூலையையும் மார்ச்சையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது. இரண்டையும் ஒன்றாகக் குத்தி, "மேஷ்ட்ரே, உங்கள் கையெழுத்தை நீங்களே திருத்திப் பாருங்கள். கண் மருத்துவரிடம் போகவேண்டும்" என்று தடித்த பேனாவால் எழுதி வைத்தேன். போனார். இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருந்தது, வலக்கண்ணில் அதிகம்.

2024 ஏப்ரல் 30ஆம் தேதியோடு எங்கள் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தது. நட்பாகிவிட்டதே, வாடகை கூடாது என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒப்பந்தப்படி 450 ரூபாய் கூடி, 9,450 ஆயிற்று. அவர் கேட்டார், நானும் கொடுத்தேன். ஆனால் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கும் நிபந்தனையைத் தம் கையாலேயே கோடிட்டு அடித்து, ஓரத்தில் கையொப்பமிட்டார். "சுவரை நீ அழுக்காக்கவில்லை" என்பதே காரணம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் எனக்குச் செய்த நன்மைகள் யாவும் சரியான கணக்கின்மேல் நின்றன; அதனாலேயே அவற்றை ஏற்றுக்கொள்வது எனக்குப் பாரமாயிருக்கவில்லை.

மே மாதத்தில் வலக்கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மகள் ஒரு வாரம் வந்து தங்கிப் போனார். சொட்டு மருந்து முதல் வாரம் நாளுக்கு ஆறு முறை, அடுத்த வாரம் ஐந்து முறை என்று ஆறு வாரங்களில் படிப்படியாகக் குறைய வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். இப்போது சீட்டு எழுதுவது என் முறையாயிற்று. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு தாளில் வேளைகளை விரற்கடை உயர எழுத்தில் எழுதி, ஊற்றியதும் கோடிட வசதியாகக் கட்டங்கள் போட்டேன். "கையைச் சோப்பால் கழுவிய பின்" என்பதைக் கன்னடத்தில் எழுதினேன். அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தார். பார்வை தெளிந்துவிட்டது என்று அதிலிருந்து அறிந்துகொண்டேன்.

காலை எட்டரை மணிச் சொட்டை நான் பணியிலிருந்து வந்ததும் ஊற்றுவேன். அதற்காக முதன்முறையாக அவர் வீட்டுக்குள் தினமும் சென்று அமர்ந்தேன். உரக்கப் பேசினால், வாயசைவையும் பார்த்து அவர் புரிந்துகொள்வார். ஜூன் மாதத்தில் சீட்டுகள் குறைந்தன. கோலின் அளவும் வாடகை ரசீதும் மட்டும் இன்றும் மீட்டர்ப் பெட்டிக்கு வருகின்றன.

வேதத்தில் யோவானின் மூன்றாம் நிருபத்தை நீங்கள் அறிவீர்கள். அந்நியரான சகோதரரை வீட்டில் ஏற்றுக்கொண்ட காயுவுக்கு எழுதப்பட்ட, ஒரே அதிகாரமுள்ள சிறு கடிதம் அது. இன்னும் எழுத எவ்வளவோ இருந்தும், நேரில் சந்தித்துப் பேசவே விரும்புவதாகச் சொல்லி அப்போஸ்தலன் அதை முடிக்கிறார். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் கன்னட வேதாகமத்தைக் கொண்டுபோய் மேஷ்ட்ரு முன்பாக அந்த நிருபத்தை வாசித்தேன். அவர் வரியின்மேல் விரலை வைத்து என்னைப் பின்தொடர்ந்தார். மூன்று இடங்களில் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்தினார். முடிந்ததும் சிறிதுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "சிறிய கடிதம். தேவையில்லாத சொல் ஒன்றுமில்லை. எழுதத் தெரிந்தவர்" என்றார். பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறொரு கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.